1.2 மீட்டர் பால்கனிக்கு மேல்கம்பி ஏன் கூட்டப்பட்டது: ஒரு பணியிடக் கடிதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரண்டு மாடிகள் கொண்ட ஒரு குடியிருப்புக் கட்டடத்தில், முதல் மாடி ஸ்லாபுக்குக் கான்கிரீட் இடுவதற்கு முந்தைய நாள் நடந்த கம்பி ஆய்வில் எழுந்த சிக்கலையும், அதைத் தீர்க்கப் பணியிடப் பொறியாளர் ஒப்பந்ததாரருக்கு எழுதிய கடிதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் கட்டடம் இருக்கும் இடமும் தவிர்க்கப்பட்டுள்ளன. அளவுகளும் கணக்கும் அந்தக் கடிதத்தில் இருந்தபடியே தரப்பட்டுள்ளன.

பால்கனி, பீமின் வெளிமுகத்திலிருந்து 1.2 மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. பீமை ஒட்டிய நீளம் 4.1 மீட்டர். முன்முனையிலோ பக்கங்களிலோ தூணோ பீமோ கிடையாது. எல்லா எடையும் உள்பக்கத்து ஒரே பீமின் வழியாகவே இறங்க வேண்டும் என்பதால் இது முழுமையான கான்டிலீவர் ஆகும். ஸ்லாபின் கனம் 150 மில்லிமீட்டர். பீமுக்கு உள்ளே அதே கனமும் அதே மட்டமும் கொண்ட அறை ஸ்லாப் 3.6 மீட்டர் தொலைவிலுள்ள அடுத்த பீம் வரை தொடர்ந்து செல்கிறது. கான்கிரீட் எம் 25 தரம், கம்பி எஃப்.இ. 500 தரம், வடிவமைப்பு ஐ.எஸ். 456 நெறிமுறைப்படி செய்யப்பட்டிருந்தது.

முதல் வரைபடத்தில் பால்கனியின் முனையில் இலேசான இரும்புக் கைப்பிடி மட்டுமே இருந்தது. அதற்கேற்ப, மேல்பக்கத்தில் 8 மில்லிமீட்டர் கம்பிகள் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் காட்டப்பட்டிருந்தன. அவை பால்கனி முனையிலிருந்து தொடங்கிப் பீமைக் கடந்து அறைக்குள் 1.8 மீட்டர் வரை செல்ல வேண்டும். பின்னர் வீட்டு உரிமையாளரின் விருப்பப்படி, கட்டடக்கலை வரைபடத்தில் இரும்புக் கைப்பிடி நீக்கப்பட்டு, 1 மீட்டர் உயரத்துக்கு அரைச் செங்கல் கனத்தில் கைப்பிடிச் சுவர் சேர்க்கப்பட்டது. அந்த மாற்றம் கட்டமைப்பு வரைபடத்துக்கு வந்து சேரவில்லை.

ஆய்வின்போது கண்டவை

பொறியாளர் கையில் இரண்டு வரைபடங்களையும் வைத்துக்கொண்டு கம்பிகளைச் சரிபார்த்தபோதுதான் கைப்பிடிச் சுவர் பற்றிய முரண்பாடு வெளிப்பட்டது. கம்பிகளைப் பொறுத்தவரை, விட்டமும் இடைவெளியும் அறைக்குள் செல்லும் நீளமும் கட்டமைப்பு வரைபடத்தில் உள்ளபடியே இருந்தன. கம்பி கட்டிய மேஸ்திரி தனக்குத் தரப்பட்ட வரைபடத்தை முறையாகப் பின்பற்றியிருந்தார்.

இரண்டாவதாகக் கண்டது உயரக் குறைவு. மேல்கம்பிகளைத் தாங்க வேண்டிய சேர் கம்பிகள் அறைப் பகுதியில் இருந்தன. பால்கனிப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. சென்ட்ரிங் பலகையின் மீது ஆட்கள் வந்து போன வழியும் பால்கனியின் நடுப்பகுதியே. 8 மில்லிமீட்டர் கம்பி காலடியில் எளிதில் வளைந்து இறங்கிவிடும். மேற்பரப்பிலிருந்து 30 மில்லிமீட்டர் மூடுகனம் விட்டால், பலகையிலிருந்து கம்பியின் மேல்விளிம்பு வரை 120 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். பீமின் முகத்தருகே அளந்தபோது, நடுப்பகுதியில் அது 80 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தது. இந்த அளவைப் பொறியாளர் தனியாக எடுக்காமல், மேஸ்திரியின் கையிலேயே அளவு நாடாவைக் கொடுத்து அவரையே படிக்கச் சொன்னார். பின்னர் எழுந்த விவாதத்தில் இந்த எண் குறித்து மட்டும் யாரும் மறுப்புச் சொல்லாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்ததாரரின் மறுப்பு

மறுநாள் கான்கிரீட் இடுவதற்கான ஆட்களும் இயந்திரங்களும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்த நிலையில், பொறியாளர் வேலையை நிறுத்தச் சொன்னதை ஒப்பந்ததாரர் ஏற்கவில்லை. அவர் அனுபவமுள்ளவர், அவருடைய கேள்விகளும் வெறும் பிடிவாதத்தில் எழுந்தவை அல்ல. 3.6 மீட்டர் அகல அறையே 10 மில்லிமீட்டர் கம்பியை 200 இடைவெளியில் வைத்து நிற்கும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கே உள்ள பால்கனிக்கு ஏன் கூடுதல் கம்பி என்று முதலில் கேட்டார். கூடுதல் கம்பி தேவை என்றாலும், அதைப் பீமுக்குள் வளைத்து நிறுத்தினால் போதாதா, அறைக்குள் ஏன் அவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதே அளவில் தாம் கட்டிய பால்கனிகள் பல ஆண்டுகளாகச் செங்கல் சுவருடனேயே நிற்கின்றன என்றும் சொன்னார். கடைசியாக, கூடுதல் கம்பியைப் போட்டுவிடுகிறோம், ஆனால் கட்டிய வலையை அவிழ்த்துத் தூக்கிச் சேர் வைப்பது தேவையில்லை என்று ஒரு சமரசத்தை முன்வைத்தார்.

வாய்ப்பேச்சில் இவற்றுக்கு விடை சொன்னால், அது அடுத்த மாடியில் மீண்டும் தொடங்கும் என்று கருதிய பொறியாளர், கட்டமைப்பு வடிவமைப்பாளரிடம் தொலைபேசியில் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு, அன்று மாலையே கடிதமாக எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தின் உள்ளடக்கம்

கடிதம் கேள்விகளின் வரிசையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதன் முக்கியமான பகுதிகள் வருமாறு:

"மதிப்பிற்குரிய ஐயா,

முதல் மாடிப் பால்கனியின் தாங்குமிடத்தில் கூடுதல் மேல்கம்பி தேவைப்படுவதன் காரணத்தை, நீங்கள் நேரில் எழுப்பிய கேள்விகளை ஒட்டியே விளக்க விரும்புகிறேன். கணக்குகள் யாவும் பீமின் நெடுகே 1 மீட்டர் அகலமுள்ள ஒரு துண்டுக்கானவை. ஒரு கிலோநியூட்டன் என்பதை ஏறத்தாழ 100 கிலோ எடை என்று கொள்ளலாம்.

அறை ஸ்லாப் இரண்டு பீம்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எடையால் நடுவில் தொய்கிறது. அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. கம்பியும் அடியில் இருக்கிறது. பால்கனி ஒரே பீமில் பிடித்துக்கொண்டு வெளியே தொங்குகிறது. அதன் முனை கீழே இறங்க முயலும்போது பீமின் முகத்தில் மேல்பக்கம் இழுபட்டு, அடிப்பக்கம் அமுக்கப்படுகிறது. ஒரே எடை, ஒரே நீளம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முனைகளிலும் தாங்கப்பட்ட ஸ்லாபில் எழும் வளைவுத் திருப்புத்திறனைப் போல, அதாவது எடையும் அதன் தொலைவும் பெருகி ஸ்லாபை வளைக்கும் அளவைப் போல, நான்கு மடங்கு, கான்டிலீவரின் தாங்குமிடத்தில் எழுகிறது. இந்தக் காரணத்தால், 3.6 மீட்டர் அறையின் நடுவில் 17 கிலோநியூட்டன் மீட்டர் வருகிறது என்றால், 1.2 மீட்டர் பால்கனியின் பீம் முகத்தில் கைப்பிடிச் சுவருடன் 14.5 வருகிறது. நீளம் மூன்றில் ஒரு பங்கு என்றாலும், திருப்புத்திறன் அந்த விகிதத்தில் குறையவில்லை என்பதைக் காணலாம்.

இரும்புக் கைப்பிடியை மட்டும் கணக்கில் எடுத்தால், இதே இடத்தில் 10.3 தான் வந்திருக்கும். இப்போது கட்டப்பட்டிருக்கும் 8 மில்லிமீட்டர் கம்பிகள், சரியான உயரத்தில் இருந்தால், 12.1 வரை தாங்கும். எனவே பழைய வரைபடம் அதன் அளவில் சரியே. செங்கல் சுவர் வந்ததுதான் நிலையை மாற்றியது. பூச்சுடன் சேர்த்து அந்தச் சுவரின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 280 கிலோ. அது முழுவதும் பீமிலிருந்து 1.13 மீட்டர் தொலைவில், முனையில் நிற்கிறது. பால்கனி ஸ்லாபின் கான்கிரீட்டோ மீட்டருக்கு 450 கிலோ இருந்தும், அதன் எடை மையம் 0.6 மீட்டரில்தான் உள்ளது. பெருக்கிப் பார்த்தால், முனையில் நிற்கும் அந்தச் சுவர் ஒன்றே, மொத்தக் கான்கிரீட்டும் உண்டாக்கும் திருப்புத்திறனைவிட அதிகமானதை உண்டாக்குகிறது. முனையில் வைக்கும் எடையைத் தரையில் பரவிய எடையைப் போலக் கருதக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்."

இதற்கு அடுத்த பகுதிதான் கடிதத்தின் கனமான பகுதி என்பது என் கருத்து. ஒப்பந்ததாரரின் அனுபவத்தை மறுக்காமல், அந்த அனுபவம் ஏன் நம்பத்தக்க சான்றாகாது என்று அது விளக்கியது.

"இதே அளவில் நீங்கள் கட்டிய பால்கனிகள் நிற்கின்றன என்றீர்கள், அதை நான் நம்புகிறேன். அவை நிற்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 150 மில்லிமீட்டர் கனமுள்ள எம் 25 கான்கிரீட், கம்பியே இல்லாவிட்டாலும், விரிசல் விடுவதற்கு முன் ஏறத்தாழ 13 கிலோநியூட்டன் மீட்டர் வரை தானாகவே தாங்கிவிடும். பாதுகாப்புக் காரணியைச் சேர்க்காமல் அன்றாட எடையை மட்டும் பார்த்தால், சுவரும் ஆட்களும் சேர்ந்தாலும் இந்தப் பால்கனியில் 9.7 தான் வருகிறது. ஆகவே கம்பி கீழே இறங்கிக் கிடந்தாலும், குறைவாகவே இருந்தாலும், கான்கிரீட் முழுமையாக இருக்கும் வரை பால்கனி அசையாமல் நிற்கும்; கம்பி வேலை செய்கிறதா என்பதே வெளியில் தெரியாது.

கான்கிரீட்டின் இந்த இழுவலிமையை நாம் கணக்கில் எடுப்பதில்லை. ஏனெனில் காயும்போது ஏற்படும் சுருக்கம், வெயிலும் குளிரும் மாறி மாறி வருவது, கான்கிரீட் இடுவதை இடையில் நிறுத்தியதால் உண்டாகும் இணைப்பு ஆகியவற்றில் எதுவும் பீமின் முகத்தில் மேலிருந்து ஒரு விரிசலைத் தொடங்கிவைக்கலாம். மேலே தொடங்கும் விரிசலில் மழைநீரும் இறங்கும். விரிசல் விழுந்த நாளில் மொத்த இழுவிசையும் கம்பிக்கு மாறுகிறது. அப்போது கம்பி போதுமான அளவிலும் உயரத்திலும் இல்லையென்றால், எடையை எடுத்துக்கொள்ள வேறு வழி இந்த ஸ்லாபுக்கு இல்லை. அறை ஸ்லாபில் ஓரிடம் பலவீனமானால் எடை பக்கத்துப் பகுதிகளுக்கு ஓரளவு நகரும்; கான்டிலீவருக்கு இருப்பது அந்த ஒரு வெட்டுமுகம் மட்டுமே."

கம்பியை அறைக்குள் ஏன் ஓட்ட வேண்டும் என்பதற்கான விடையில், பொறியாளர் அறையில் ஆளும் பொருளும் இருக்கும் நிலையையும், அறை வெறுமையாக இருக்கும் நிலையையும் தனித்தனியே எடுத்துக்கொண்டார். பலர் தவறவிடும் இடம் இதுவே என்பதால் அப்பகுதியையும் தருகிறேன்.

"பால்கனியின் மேல்பக்கத்து இழுவிசை பீமில் முடிந்துவிடுவதில்லை. பீமைக் கடந்து அறை ஸ்லாபின் மேல்பக்கத்திலும் அது தொடர்ந்து, மெல்லக் குறைந்து, ஓரிடத்தில் இல்லாமல் போகிறது. அறையில் முழுச்சுமை இருக்கும்போது, அறை நடுவில் தொய்வதால் இந்த இழுவிசை விரைவில் அடங்கிவிடும், பீமிலிருந்து 0.8 மீட்டரிலேயே அது தீர்ந்துவிடுகிறது. அறையில் யாரும் இல்லாமல், எல்லோரும் பால்கனியில் வந்து நிற்கும்போது, அறையின் சொந்த எடை மட்டுமே எதிர்த்து நிற்கிறது. அப்போது மேல்பக்க இழுவிசை 1.6 மீட்டர் வரை உள்ளே நீள்கிறது. அந்தப் புள்ளிக்கு அப்பாலும் கம்பியின் ஒரு பகுதி சற்று நீண்டிருக்க வேண்டும் என்பதால் 1.8 மீட்டர் மயிரிழையில் போதாமல் போகிறது. கூடுதல் கம்பிகளை 2 மீட்டர் வரை உள்ளே கொண்டுசெல்லக் கேட்பது இதனால்தான்.

பீமுக்குள் வளைத்து நிறுத்தினால், கம்பியின் பிடிப்புக்கான நீளம் ஒருவாறு கிடைக்கலாம்; ஆனால் பால்கனியின் திருப்புத்திறன் முழுவதும் அந்தப் பீமை அதன் நீளவாக்கில் முறுக்கும். முறுக்கத்துக்கான நெருக்கமான வளையங்களோ பக்கக் கம்பிகளோ அந்தப் பீமில் இல்லை. அறை ஸ்லாபைப் பின்னால் பிடித்து இழுக்கும் எடையாகப் பயன்படுத்துவதே இந்த வடிவமைப்பின் அடிப்படை."

சேர் வைப்பதைத் தவிர்க்கலாம் என்ற சமரசத்துக்குக் கடிதம் எண்களாலேயே விடை தந்தது. கம்பி 40 மில்லிமீட்டர் இறங்கிய நிலையில், இப்போதுள்ள கம்பிகள் தாங்குவது 7.8 மட்டுமே, அது பழைய இரும்புக் கைப்பிடிக்குத் தேவையான 10.3-க்கே போதாது. கம்பியின் எண்ணிக்கையை இருமடங்காக்கி அதே தாழ்ந்த மட்டத்தில் விட்டால், 14.4 வரை வருகிறது, தேவையோ 14.5. "கம்பியை இரட்டித்தும் ஒரு மயிரளவு மிச்சம்கூட இல்லாமல் போகிறது. சரியான உயரத்தில் அதே இரட்டிப்புக் கம்பி 23 வரை தாங்கும். ஆகவே கூடுதல் கம்பியும் உயரமும் ஒன்றுக்கொன்று மாற்றாகா, இரண்டும் வேண்டும்" என்று அந்தப் பகுதி முடிந்தது.

கடைசிப் பத்தி குறுகியது. வரைபட மாற்றம் உரிமையாளர் தரப்பில் நிகழ்ந்தது என்பதால், கூடுதல் கம்பியும் அதைக் கட்டும் கூலியும் கூடுதல் வேலையாகவே அளந்து பட்டியலில் சேர்க்கப்படும் என்றும், சேர் கம்பிகள் மட்டும் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே அடங்கியவை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. நான் அறிந்தவரையில், இத்தகைய விவாதங்களில் பாதிக்குமேல் செலவு யாருடையது என்ற கேள்வியே தொழில்நுட்பக் கேள்வியின் உடையில் வருகிறது. அதைக் கடிதத்திலேயே தெளிவாக்கியது, முந்தைய பக்கங்களின் கணக்கை அமைதியாகப் படிக்க வழிசெய்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

கணக்குப்படி மட்டும் பார்த்தால், 8 மில்லிமீட்டர் கம்பிகளை 150 இடைவெளிக்கு நெருக்கினாலே 15.9 கிடைத்துவிடும், 14.5 தேவைக்கு அது போதும். ஆனாலும் பொறியாளர் ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒரு கம்பி சேர்த்து, 100 மில்லிமீட்டர் இடைவெளியாக்கும்படி கேட்டார். இதற்கு இரண்டு காரணங்களைச் சொன்னார். கட்டிய கம்பிகளை அவிழ்த்து மறுபடி பங்கிடுவதைவிட, இடையில் ஒன்றைச் செருகுவது எளிது. எண்ணிச் சரிபார்ப்பதும் எளிது. மற்றொரு காரணம் இதைவிட முக்கியமானது: 150 இடைவெளியில், கான்கிரீட் இடும்போது கம்பி 10 மில்லிமீட்டர் இறங்கினாலே வலிமை 14.5-க்கு வந்து மிச்சம் தீர்ந்துவிடும். 100 இடைவெளியில் 30 மில்லிமீட்டர் இறங்கினாலும் 16.6 வரை தாங்கும். பணியிடத்தில் மேல்கம்பி 10 மில்லிமீட்டர்கூட இறங்காமல் இருக்கும் என்று நம்பி வடிவமைப்பது சரியல்ல என்பதில் எனக்கும் உடன்பாடே.

கூடுதல் கம்பியின் நீளம் 3 மீட்டர் என்று நிர்ணயிக்கப்பட்டது. அறைக்குள் 2 மீட்டர், பீமின் அகலமான 230 மில்லிமீட்டர், பால்கனிக்குள் ஏறத்தாழ 770 மில்லிமீட்டர் என்பது அதன் பங்கீடு. பால்கனியில் முனை வரை செல்லத் தேவையில்லை. திருப்புத்திறன் பீமின் முகத்திலிருந்து விலக விலக வேகமாகக் குறைகிறது. முனை வரை செல்லும் பழைய கம்பிகளே அங்கே போதும். 8 மில்லிமீட்டர் கம்பி கான்கிரீட்டில் முழுப் பிடிப்புப் பெற ஏறத்தாழ 390 மில்லிமீட்டர் தேவை. அதைவிட இது மிகுதி. உள்பக்கம் சில கம்பிகளைக் குறைத்து இரண்டு வகை நீளங்களில் வெட்டலாம் என்ற யோசனையும் வந்தது. அப்படி மிஞ்சும் கம்பி மிகக் கொஞ்சம். நீளம் மாறி வைக்கப்படும் வாய்ப்போ மிக அதிகம் என்பதால் அது கைவிடப்பட்டது. 12 மீட்டர் கம்பி ஒன்றில் 3 மீட்டர் துண்டுகள் நான்கு மிச்சமின்றிக் கிடைக்கும். 20 இடைவெளிகளுக்கு 5 முழுக்கம்பிகள், ஏறத்தாழ 24 கிலோ. விவாதம் முழுவதும் இந்த 24 கிலோவைப் பற்றியது என்பதை ஒப்பந்ததாரரே பின்னர் சிரித்துக்கொண்டு குறிப்பிட்டார்.

கம்பி வேலையை முடிக்கும் வரை அறை ஸ்லாபை மட்டும் மறுநாள் போட்டுவிட்டு, பால்கனியைப் பின்னால் போடலாமா என்ற கோரிக்கையைப் பொறியாளர் ஏற்கவில்லை. அப்படிச் செய்தால், பழைய கான்கிரீட்டும் புதிய கான்கிரீட்டும் சேரும் இணைப்பு, இழுவிசை மிக அதிகமாக உள்ள பீமின் முகத்திலேயே விழும். கடிதத்தில் விரிசல் தொடங்கும் இடமாகக் குறிப்பிடப்பட்டதும் அதுவே. ஆகவே மொத்தக் கான்கிரீட்டும் தள்ளிவைக்கப்பட்டது.

அதன்பின் நடந்தவை

ஒப்பந்ததாரர் கடிதத்தின் நகலில் ஏற்றுக்கொண்டதாக எழுதிக் கையொப்பமிட்டார். மேஸ்திரிக்கு ஒரே ஒரு ஐயம் இருந்தது: புதிய கம்பிகளை, கட்டிய கம்பிகளுக்கு அடியில் செருகலாமா என்பது. அடியில் செருகினால் அவையும் தாழ்ந்துவிடும். ஆகவே பழைய கம்பிகளின் அதே மட்டத்தில், குறுக்குக் கம்பிகளின் மேல் கிடக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. பால்கனிப் பகுதியில் பீமின் முகத்தை ஒட்டி ஒரு வரிசையும், வெளியே சற்றுத் தள்ளி இன்னொரு வரிசையுமாகச் சேர் கம்பிகள் வைக்கப்பட்டன. ஆட்கள் நடக்க, கம்பியைத் தொடாத தனி நடைபலகை போடப்பட்டது. சேர் கம்பி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நடைபலகை இல்லாத இடத்தில் அதனால் பெரிய பயன் இல்லை.

கான்கிரீட் இடும்போது, 30 மில்லிமீட்டரில் அடையாளம் இடப்பட்ட மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை ஈரக் கான்கிரீட்டில் குத்தி, மேல்கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பீமின் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். வைப்ரேட்டர் வேலை செய்த இரண்டு இடங்களில் மூடுகனம் 40 மில்லிமீட்டரை நெருங்கியிருந்தது. கான்கிரீட் இறுகும் முன்பே கம்பியைக் கொக்கியால் தூக்கிவிட்டு மீண்டும் அதிர்வு தரப்பட்டது.

அடிமுட்டுகள் 28 நாள் கனசதுரச் சோதனை முடிவு வரும் வரை அகற்றப்படவில்லை. அகற்றும்போதும் முனைப் பக்கத்து முட்டுகள் முதலிலும், பீமை ஒட்டியவை கடைசியிலுமாக எடுக்கப்பட்டன. வரிசை மாறிப் பீமை ஒட்டியவற்றை முதலில் எடுத்து முனையில் முட்டை விட்டுவைத்தால், அதுவரை பால்கனி இரண்டு முனைகளிலும் தாங்கப்பட்ட ஸ்லாபாக நின்று, அடிப்பக்கம் இழுபடும்; அங்கே கம்பி குறைவு. கைப்பிடிச் சுவர், முட்டுகள் எடுத்த பின்னரே எழுப்பப்பட்டது. முட்டு எடுப்பதற்கு முன்னும், சுவர் முடிந்த பின்னும் முனையின் மட்டம் அளக்கப்பட்டது. இறக்கம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். பூச்சுவேலை முடிந்து மழைக்காலம் கடந்த பின் பார்த்தபோதும், பீமின் முகத்தை ஒட்டிய மேற்பரப்பில் விரிசல் எதுவும் இல்லை. இது கூடுதல் கம்பி வேலை செய்ததற்கான சான்று ஆகாது என்பதைச் சொல்லியாக வேண்டும். கடிதத்தின் தர்க்கப்படியே, விரிசல் விழாத கான்கிரீட்டில் கம்பி இன்னும் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை.

அடுத்த பணிகளில் மாற்றப்பட்டவை

கட்டமைப்பு வடிவமைப்பாளர், பால்கனி வரைபடங்களில் முனையில் அனுமதிக்கப்படும் சுவர் எடையை மீட்டருக்கு இத்தனை கிலோ என்று எழுதத் தொடங்கினார். கைப்பிடியின் வகை பெரும்பாலும் கட்டடக்கலை வரைபடத்தில்தான் மாறுகிறது. அதை வரைபவருக்கு அது அழகைப் பற்றிய முடிவு மட்டுமே. அனுமதிக்கப்பட்ட எடை கட்டமைப்பு வரைபடத்தில் எழுதப்பட்டிருந்தால், பணியிடத்தில் இருப்பவர் எவரும் இரண்டையும் ஒப்பிட்டு முரண்பாட்டைக் கண்டுகொள்ளலாம். மேல்கம்பி ஆய்வும், கான்கிரீட்டுக்கு முந்தைய நாளிலிருந்து, குறுக்குக் கம்பிகள் கட்டி முடிந்து மேல்கம்பி வைக்கத் தொடங்கும் கட்டத்துக்கு முன்னே நகர்த்தப்பட்டது.

கடிதத்தின் வடிவமும் மாறியது. ஒப்பந்ததாரர் அதை மேஸ்திரியிடம் காட்டியபோது, அவர் திருப்புத்திறன் எண்களை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் இருந்த வெட்டுமுகப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். கம்பி எந்த மட்டத்தில், எங்கிருந்து எங்குவரை என்பது அதில் ஒரே பார்வையில் தெரிந்தது. அடுத்த கடிதங்களில் அந்தப் படம் முதல் பக்கத்துக்கு வந்தது. விளக்கம் அதன் பின்னால் வந்தது.

இதே தீர்வு அந்தக் கட்டடத்தின் எல்லாப் பால்கனிகளுக்கும் பொருந்தவில்லை. பின்பக்கத்துப் பால்கனிக்கு உள்ளே அறைக்குப் பதிலாக, மட்டம் தாழ்த்தப்பட்ட குளியலறை ஸ்லாப் இருந்தது. அங்கே மேல்கம்பியை நேராக உள்ளே ஓட்ட முடியாது. இழுவிசையில் இருக்கும் கம்பியைக் கீழ்நோக்கி மடித்துக் கொண்டுபோனால், அது நிமிர முயன்று மடிப்பில் கான்கிரீட்டைப் பெயர்க்கும். அந்தப் பால்கனிக்குக் கூடுதல் கம்பி என்ற வழியைக் கைவிட்டு, இரு பக்கத் தூண்களிலிருந்து கான்டிலீவர் பீம்களை நீட்டி, அவற்றின் மேல் ஸ்லாப் உட்காரும்படி வடிவமைப்பாளர் தனியாக வரைந்து கொடுத்தார்.